ஒட்டுறவு அட்டவணைக்குள் 'ஆல்' எப்படி நுழைகிறது?

இளங்கலை உளவியல் அசைன்மென்ட்களைத் திருத்தும்போது ஒரு வாக்கியம் விதவிதமான கையெழுத்தில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். "செல்போனை அதிகம் பயன்படுத்துவதால் மாணவர்களின் தூக்கம் கெடுகிறது என்பதை எங்கள் ஆய்வு நிரூபிக்கிறது." பக்கத்திலேயே ஆதாரமாக ஒரு எண் இருக்கும்: r = .34. எண் சரி, கணக்கும் சரி. ஆனால் அந்த எண் சொல்லாத ஒரு செய்தி வாக்கியத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. அது எங்கே உள்ளே நுழைகிறது என்பதை ஒரே ஒரு அட்டவணையை வைத்துப் பார்க்கலாம்.

ஒரு வகுப்பு 120 கல்லூரி மாணவர்களிடம் நான்கு விஷயங்களைக் கேட்டதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் செல்போன் பார்க்கிறார்கள், தூக்கம் எப்படி, மன அழுத்தம் எவ்வளவு, கடந்த செமஸ்டரில் எத்தனை சதவீத மதிப்பெண். கீழே உள்ள எண்கள் பயிற்சிக்காக நான் அமைத்தவை. உண்மையான ஆய்வு எதிலிருந்தும் எடுக்கவில்லை.

| | 1 | 2 | 3 | 4 |
|---|---|---|---|---|
| 1. செல்போன் நேரம் | — | | | |
| 2. தூக்க மதிப்பெண் | .34** | — | | |
| 3. மன அழுத்தம் | .42** | .58** | — | |
| 4. தேர்வு மதிப்பெண் | −.21* | −.28** | −.31** | — |

இதுதான் ஒட்டுறவு அணி. வகுப்பில் எல்லோரும் கோரிலேஷன் மேட்ரிக்ஸ் என்றே சொல்வார்கள். வரிசை ஒரு மாறி, நெடுவரிசை இன்னொரு மாறி, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் அவற்றுக்கு இடையிலான ஒட்டுறவுக் கெழு. மூலைவிட்டத்தில் கோடு போட்டிருப்பதற்குக் காரணம், ஒரு மாறிக்கும் அதற்கும் இடையிலான ஒட்டுறவு எப்போதும் 1 என்பதுதான். மேல் பாதி காலியாக இருப்பதற்கும் எளிய காரணம் உண்டு. செல்போனுக்கும் தூக்கத்துக்கும் .34 என்றால், தூக்கத்துக்கும் செல்போனுக்கும் அதே .34தான்.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கெழுவைக் கணக்கிடும் சூத்திரத்தில் இரண்டு மாறிகளும் இடம் மாறினாலும் விடை மாறாது. அதாவது எது முதலில், எது அடுத்தது என்ற தகவலே அந்த எண்ணுக்குள் கிடையாது. காரணம் என்பதற்கோ திசை உண்டு: தீயிலிருந்து புகை வரும், புகையிலிருந்து தீ வராது. திசையே இல்லாத எண்ணிலிருந்து திசையுள்ள வாக்கியத்தை எடுக்க முடியாது. அட்டவணையின் மேல் பாதி காலியாக இருப்பதே இதை நினைவூட்டப் போதும்.

சரி, இப்போது .34 இருக்கும் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பொறுமையாக வாசிப்போம்.

முதலில் குறி. கூட்டல் குறி என்பதால் ஒன்று அதிகமுள்ளவர்களிடம் மற்றதும் அதிகமாக இருக்கிறது. ஆனால் "மற்றது" எது? இங்கேதான் முதல் சறுக்கல். தூக்கத்தை அளக்க நம் மாணவர்கள் பெரும்பாலும் எடுப்பது 1989இல் வெளியான பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவுகோல். அதில் ஏழு பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 0 முதல் 21 வரை. பெயரில் "தரம்" என்று இருந்தாலும், எண் கூடக் கூடத் தூக்கம் மோசம். 5க்கு மேல் போனாலே தூக்கத்தில் பிரச்சினை இருக்கலாம் என்று கொள்வார்கள். எனவே .34 என்பதன் பொருள், செல்போன் நேரம் அதிகமுள்ளவர்களின் தூக்கம் மோசமாக இருக்கிறது என்பது. இதை மறந்தவர், "செல்போன் பார்ப்பவர்கள் நன்றாகத் தூங்குகிறார்கள்" என்று நேர் எதிராக எழுதிவிடுவார். அப்படி எழுதிய தாள்களும் வரத்தான் செய்கின்றன. அட்டவணைக்குக் கீழே "மதிப்பெண் கூடினால் தூக்கம் மோசம்" என்று ஒரு குறிப்பை எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பது நல்லது.

மன அழுத்தத்துக்கு வழக்கமாக எடுப்பது, 1983இல் ஷெல்டன் கோஹனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட அளவுகோல். அதன் பத்துக் கேள்வி வடிவத்தில் நான்கு கேள்விகள் நேர்மறையானவை, அவற்றைத் தலைகீழாக மாற்றித்தான் கூட்ட வேண்டும். மாற்ற மறந்தால் கெழு காரணமே இல்லாமல் சின்னதாகிவிடும், சில நேரம் குறியே திரும்பிவிடும். மன அழுத்தத்துக்கும் மோசமான தூக்கத்துக்கும் இடையே கழித்தல் குறி வந்தால், விளக்கம் தேடிப் போவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

அடுத்து அளவு. .10 சிறியது, .30 நடுத்தரம், .50 பெரியது என்ற அளவை ஜேக்கப் கோஹன் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார் (மேலே சொன்ன ஷெல்டன் கோஹன் வேறு ஒருவர்). அதன்படி .34 நடுத்தரம். "நடுத்தரம்" என்ற சொல்லை வைத்து எதையும் கற்பனை செய்ய முடியாது என்பதால், நான் வகுப்பில் வேறு மாதிரி சொல்வதுண்டு. 120 பேரை செல்போன் நேரப்படி வரிசையாக நிற்கவைத்து, நடுவில் ஒரு கோடு போடுங்கள். அதிகம் பார்க்கும் 60 பேர் ஒரு பக்கம். இதே மாதிரி தூக்கத்திலும் மோசமான பாதி, பரவாயில்லாத பாதி என்று பிரியுங்கள். ஒட்டுறவே இல்லை என்றால், அதிகம் பார்க்கும் 60 பேரில் சுமார் 30 பேர் மோசமான பாதியில் இருப்பார்கள். மதிப்பெண்கள் ஓரளவு மணி வடிவில் பரவியிருந்து ஒட்டுறவு .34 ஆக இருந்தால், சுமார் 37 பேர். மீதி 23 பேர் செல்போனை அதிகம் பார்த்தும் வகுப்பின் பரவாயில்லாத பாதியில்தான் தூங்குகிறார்கள். இந்த 23 பேரை மனதில் வைத்துக்கொண்டு எழுதினால், "கெடுகிறது", "நிரூபிக்கிறது" போன்ற சொற்கள் கையில் வராது.

.34ஐ வர்க்கம் செய்தால் ஏறத்தாழ .12. "செல்போன் பயன்பாடு தூக்க வேறுபாட்டில் 12 சதவீதத்தை விளக்குகிறது" என்று எழுதுவது புள்ளியியலில் வழக்கம்தான். ஆனால் இங்கே "விளக்குகிறது" என்பது நாம் தினமும் பேசும் விளக்கம் இல்லை. தூக்கம் செல்போன் வேறுபாட்டில் 12 சதவீதத்தை விளக்குகிறது என்றும் அதே எண்ணை வைத்துச் சொல்லலாம். இரண்டும் பகிர்ந்துகொள்ளும் வேறுபாடு 12 சதவீதம் என்று எழுதினால் குழப்பமே இல்லை.

அப்புறம் நட்சத்திரங்கள். இரண்டு நட்சத்திரம் என்றால் p .01க்குக் கீழே, ஒன்று என்றால் .05க்குக் கீழே. உண்மையில் ஒட்டுறவே இல்லாத ஒரு கூட்டத்திலிருந்து 120 பேரை எடுத்திருந்தால், இவ்வளவு பெரிய அல்லது இதைவிடப் பெரிய எண் தற்செயலாக வருவது அரிது என்பதைத்தான் அவை சொல்கின்றன. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இதே .34 வெறும் 30 பேரிடம் வந்திருந்தால் p சுமார் .07, நட்சத்திரமே கிடைக்காது. ஆட்களின் எண்ணிக்கையை மாற்றினால் வந்து போகும் ஒரு குறியை, காரணத்துக்கான சான்று என்று நினைப்பது மிகவும் பரவலான தவறு. "இரண்டு நட்சத்திரம் இருக்கிறதே சார், அப்போ கண்டிப்பாகப் பாதிக்கிறது தானே?" என்று கேட்பார்கள். நட்சத்திரம் எத்தனை இருந்தாலும், தற்செயலா இல்லையா என்ற கேள்விக்கு மட்டும்தான் அது பதில். ஏன் என்ற கேள்வியை அது தொடுவதே இல்லை.

இப்போது அந்த "ஏன்". .34 என்ற ஒரே எண்ணுக்குப் பின்னால் எத்தனை கதைகள் பொருந்தும் என்று பாருங்கள். இரவு நெடுநேரம் செல்போன் பார்ப்பதால் தூக்கம் தள்ளிப்போகலாம். அதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் கதை. ஆனால் தூக்கம் வராமல் புரண்டு படுப்பவர் என்ன செய்வார்? செல்போனைத்தான் எடுப்பார். அப்போது கெட்ட தூக்கம் முதலில், செல்போன் பிறகு. மூன்றாவதாக, அரியர் பேப்பர், வீட்டில் பணக் கஷ்டம், விடுதியில் சண்டை என்று ஏதோ ஒன்றில் தவிக்கும் மாணவர் தூக்கத்தையும் இழக்கலாம், மனதைத் திருப்ப செல்போனிலும் மூழ்கலாம். அங்கே செல்போனும் தூக்கமும் ஒன்றையொன்று தொடவே தேவையில்லை.

இன்னும் ஒரு கதை இருக்கிறது, அதை மாணவர்கள் யோசிப்பதே இல்லை. கேள்வித்தாள் எப்படிப் போனது? வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இரவு 11 மணிக்கு ஒரு கூகுள் ஃபார்ம். அந்த நேரத்தில் விழித்திருந்து கையில் செல்போனோடு இருந்தவர்கள்தான் உடனே நிரப்பியிருப்பார்கள். பத்து மணிக்கே தூங்கிப்போனவர்கள் பலர் மறுநாள் அந்தச் செய்தியைக் கவனிக்காமலே விட்டிருக்கலாம். யார் தரவுக்குள் வந்தார்கள் என்பதே ஒட்டுறவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

இந்தக் கதைகளில் எது உண்மை என்று அட்டவணையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் தெரியாது. காலவரிசையாவது தெரியுமா என்றால், அதுவும் தெரியாது. மேலே சொன்ன தூக்க அளவுகோல், மன அழுத்த அளவுகோல் இரண்டுமே "கடந்த ஒரு மாதத்தில்" என்றுதான் கேட்கின்றன. ஒரே மாதம், ஒரே நாளில் நிரப்பிய தாள். எது முந்தியது என்று சொல்ல அதில் இடமே இல்லை. போதாததற்கு, எல்லாம் அவரவரே சொன்ன பதில்கள். அன்று மனசு சரியில்லாதவர் எல்லாக் கேள்விக்கும் கொஞ்சம் கூடுதலாகவே போட்டிருப்பார். .58இல் ஒரு பங்கு அப்படி வந்ததாகவும் இருக்கலாம்.

கொஞ்சம் விவரம் தெரிந்த மாணவர்கள் இந்த இடத்தில் ஒரு அடி முன்னே போவார்கள். "மூன்றாவது மாறிதான் பிரச்சினை என்றால், அதைக் கட்டுப்படுத்திவிடலாமே." நல்ல யோசனை. பகுதி ஒட்டுறவு என்பது அதற்குத்தான். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் `Analyze > Correlate > Partial` போனால் கிடைக்கும். அட்டவணையில் உள்ள மூன்று எண்களை வைத்துக் கையாலேயே போட்டுவிடவும் முடியும். 1 செல்போன், 2 தூக்கம், 3 மன அழுத்தம்:

```
r12.3 = (r12 − r13 × r23) / √((1 − r13²)(1 − r23²))
      = (.34 − .42 × .58) / √((1 − .1764)(1 − .3364))
      = .0964 / .7393
      ≈ .13
```

.34 என்று இருந்தது .13 ஆகச் சுருங்கிவிட்டது. 120 பேருக்கு இதன் p சுமார் .16, நட்சத்திரம் இல்லை. அதாவது மன அழுத்தம் ஒரே அளவில் இருக்கும் மாணவர்களை ஒப்பிட்டால், செல்போனுக்கும் தூக்கத்துக்கும் இடையில் மிச்சமிருக்கும் தொடர்பு கொஞ்சம்தான். இது உண்மையிலேயே பயனுள்ள தகவல், அசைன்மென்டில் கண்டிப்பாக எழுத வேண்டியது.

ஆனால் இங்கேதான், முதல் பொறியைத் தாண்டி வந்தவர்கள் இரண்டாவது பொறியில் விழுகிறார்கள். உடனே எழுதுவது: "எனவே செல்போன் காரணம் அல்ல, மன அழுத்தமே உண்மையான காரணம்." கொஞ்சம் பொறுங்கள். இரண்டு கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் கதையில், மன அழுத்தம்தான் ஆரம்பம். அது ஒருபக்கம் செல்போனை நோக்கித் தள்ளுகிறது, மறுபக்கம் தூக்கத்தைக் கெடுக்கிறது. இரண்டாவது கதையில், செல்போன்தான் ஆரம்பம். அதில் பார்ப்பது எல்லாம் சேர்ந்து மன அழுத்தத்தைக் கூட்டுகிறது, அந்த அழுத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது. முதல் கதையில் செல்போனை நிறுத்தினாலும் தூக்கம் அப்படியேதான் இருக்கும். இரண்டாவது கதையில் செல்போனை நிறுத்தினால் தூக்கம் சரியாகும். வாழ்க்கையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனால் மன அழுத்தத்தைக் கட்டுப்படுத்திப் பார்த்தால், இரண்டு கதைகளிலும் செல்போன்–தூக்கம் ஒட்டுறவு ஒரே மாதிரிதான் சுருங்கும். அதே .13 இரண்டுக்கும் பொருந்தும்.

முதல் கதையில் மன அழுத்தம் குழப்பும் மாறி, இரண்டாவதில் இடைநிலை மாறி. பெயர்கள் வேறு, கணக்கு ஒன்றுதான். எது எது என்பதைக் கணக்குக்கு வெளியே இருந்துதான் கொண்டுவர வேண்டும்: முந்தைய ஆய்வுகள், யார் எப்போது அளக்கப்பட்டார்கள் என்ற காலவரிசை, சோதனை முடிவுகள். என்னைக் கேட்டால், இந்த ஒரு இடத்தைப் புரிந்துகொண்ட மாணவர் புள்ளியியல் தாளில் பாதியைக் கடந்துவிட்டார். இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. பத்துக் கேள்விகளால் மன அழுத்தத்தைப் பிசகில்லாமல் அளந்துவிட முடியாது என்பதால், "கட்டுப்படுத்திவிட்டோம்" என்பதும் முழுமையான கட்டுப்பாடு அல்ல.

இத்தனையும் புரிந்தவர்கூட எழுத உட்காரும்போது வழுக்குவதற்குக் காரணம், நம் மொழியின் அமைப்பிலேயே கொஞ்சம் இருக்கிறது. தமிழில் காரணம் சொல்ல ஒரு தனிச் சொல்லே வேண்டாம், 'ஆல்' போதும். "பயன்படுத்துவதால்" என்றாலே காரணம் சொல்லியாயிற்று. எழுதுபவருக்கே தெரியாமல் அது பேனாவில் வந்துவிடும். "பயன்படுத்தினால் தூக்கம் கெடும்" என்பது இன்னும் ஒரு படி மேலே போய், ஒருவர் தன் பழக்கத்தை மாற்றினால் என்ன நடக்கும் என்று வாக்குறுதியே கொடுக்கிறது. பாதிக்கிறது, ஏற்படுத்துகிறது, குறைக்கிறது, வழிவகுக்கிறது ஆகிய வினைகளும் அப்படித்தான், ஒன்று செய்ய மற்றது படுகிறது. பல அசைன்மென்ட்களில் தலைப்பே "மாணவர்களின் தூக்கத்தில் செல்போனின் தாக்கம்" என்று இருக்கும். தாக்கம் என்று பெயர் வைத்துவிட்டால் உள்ளே எவ்வளவு கவனமாக எழுதினாலும் பலனில்லை. "செல்போன் பயன்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் இடையிலான தொடர்பு" என்று தலைப்பிலேயே ஆரம்பியுங்கள்.

இன்னொரு வழுக்கல், "கூடக் கூட" என்ற சொற்கட்டு. "செல்போன் நேரம் கூடக் கூடத் தூக்கம் குறைகிறது" என்பதில் காரணச் சொல் எதுவும் இல்லை. ஆனால் வாசிப்பவர் மனதில் ஒரே ஆள் தெரிகிறார்: இன்று ஒரு மணி நேரம், நாளை மூன்று மணி நேரம், அவருடைய தூக்கம் படிப்படியாகத் தேய்கிறது. நம் தரவில் அப்படி யாரும் இல்லை. ஒவ்வொருவரையும் ஒரே ஒரு முறைதான் அளந்தோம். நம் கையில் இருப்பது ஆட்களுக்கு இடையிலான வேறுபாடு, ஒரே ஆளுக்குள் நடக்கும் மாற்றம் அல்ல. இரண்டும் எதிரெதிர்த் திசையில்கூடப் போகும். டைப்பிங் தேர்வுக்கு வருபவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாக அடிப்பவர்கள் பொதுவாகப் பிழையும் குறைவாகத்தான் செய்வார்கள், ஏனென்றால் பழகிய கை. ஆனால் அதே ஆளிடம் இன்னும் வேகமாக அடி என்று சொன்னால் பிழை கூடும். ஆட்களை ஒப்பிட்டால் கழித்தல் குறி, ஒரே ஆளுக்குள் பார்த்தால் கூட்டல் குறி. "கூடக் கூட" என்பதை "அதிகமுள்ளவர்களிடம்" என்று மாற்றினால் இந்தச் சிக்கல் போய்விடும். அது சின்ன மாற்றம்தான், ஆனால் தரவு என்னவென்று அப்படியே சொல்கிறது.

இந்த வழுக்கல் பரீட்சை மதிப்பெண்ணோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு உளவியலிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. தன்மதிப்பு அதிகமுள்ள மாணவர்கள் பள்ளியில் ஓரளவு நன்றாகப் படிக்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் வந்த ஒட்டுறவு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சட்டமன்ற உறுப்பினர் ஜான் வாஸ்கன்செலோஸின் முயற்சியால் 1986இல் தன்மதிப்பை வளர்ப்பதற்கென்றே அரசு ஒரு பணிக்குழுவை அமைத்தது. பிள்ளைகளின் தன்மதிப்பை உயர்த்தினால் படிப்பு முதல் குற்றம்வரை பல சமூகப் பிரச்சினைகள் சரியாகும் என்பது அதன் நம்பிக்கை. 2003இல் ராய் பாமைஸ்டரும் மூன்று ஆய்வாளர்களும் சேர்ந்து, அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். படிப்போடு உள்ள ஒட்டுறவு அவ்வளவு பெரிதல்ல என்றும், தன்மதிப்பு நல்ல படிப்பைக் கொண்டுவருகிறது என்பதற்குச் சான்று இல்லை என்றும், ஓரளவுக்கு நன்றாகப் படிப்பதிலிருந்துதான் தன்மதிப்பு வருகிறது என்றும் அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். அம்பு எதிர்ப்பக்கம் காட்டியது. நம் அட்டவணையில் மன அழுத்தத்துக்கும் தேர்வு மதிப்பெண்ணுக்கும் −.31 இருக்கிறதே, அதையும் இதே கண்ணோடு பாருங்கள். அழுத்தத்தில் இருப்பவர் குறைவாக மதிப்பெண் எடுக்கிறாரா, குறைவாக எடுத்தவர் அழுத்தத்தில் இருக்கிறாரா? கேட்டது கடந்த செமஸ்டரின் மதிப்பெண். மன அழுத்தமோ கடந்த ஒரு மாதத்துக்கானது. காலவரிசைப்படி மதிப்பெண்தான் முந்தியது! "மன அழுத்தம் மதிப்பெண்ணைக் குறைத்தது" என்று எழுதுபவர், பின்னால் அளந்ததை முன்னால் நடந்ததற்குக் காரணமாக்குகிறார்.

சரி, இத்தனைக்கும் பிறகு அசைன்மென்டில் எழுதத்தான் என்ன மிச்சம்? நிறையவே இருக்கிறது. முடிவுகள் பகுதியை நான் இப்படி எழுதுவேன்:

"செல்போன் நேரம் அதிகமுள்ள மாணவர்கள் தூக்க அளவுகோலிலும் அதிக மதிப்பெண், அதாவது மோசமான தூக்கம், கொண்டிருந்தனர், r(118) = .34, p < .001. மன அழுத்தம் அதிகமுள்ளவர்களிடம் செல்போன் நேரமும் அதிகமாக இருந்தது, r(118) = .42, p < .001. மோசமான தூக்கத்துக்கும் மன அழுத்தத்துக்கும் இடையிலான தொடர்பே அட்டவணையில் மிகப் பெரியது, r(118) = .58, p < .001. மன அழுத்தத்தைப் புள்ளியியல் முறையில் கட்டுப்படுத்தியபோது, செல்போன் நேரத்துக்கும் தூக்கத்துக்கும் இடையிலான தொடர்பு .13 ஆகக் குறைந்தது, p = .16."

அடைப்புக்குள் இருக்கும் 118, ஆட்களின் எண்ணிக்கையில் இரண்டைக் கழித்தது. எஸ்.பி.எஸ்.எஸ். திரையில் `Sig. (2-tailed)` என்பதற்கு எதிரே `.000` என்று காட்டினாலும், அதை அப்படியே எழுதாமல் p < .001 என்று எழுத வேண்டும், ஏனென்றால் அது சுழி அல்ல, சுருக்கிக் காட்டப்பட்ட சிறிய எண். ஒட்டுறவுக் கெழுவோ p-யோ 1ஐத் தாண்ட முடியாது என்பதால், ஏ.பி.ஏ. முறையில் புள்ளிக்கு முன்னால் 0 போடுவதில்லை.

விவாதப் பகுதியில்தான் "ஏன்" பற்றிப் பேச அனுமதி. அங்கேயும் ஒரு கதையை மட்டும் பேசி மற்றதை மறைக்காமல், குறைந்தது இரண்டையாவது பெயர் சொல்லி வையுங்கள்: "இந்த முடிவுகள், மன அழுத்தம் செல்போன் பயன்பாட்டுக்கும் மோசமான தூக்கத்துக்கும் பொதுவான பின்னணியாக இருக்கிறது என்ற விளக்கத்தோடு பொருந்துகின்றன. செல்போன் பயன்பாடு மன அழுத்தத்தின் வழியாகத் தூக்கத்தோடு தொடர்புறுகிறது என்ற விளக்கத்தோடும் அதே அளவு பொருந்துகின்றன. எல்லா மாறிகளும் ஒரே நேரத்தில், மாணவர்களின் சொந்தப் பதில்கள் மூலம் அளக்கப்பட்டதால், இரண்டையும் இந்தத் தரவால் பிரித்தறிய இயலாது." "பொருந்துகின்றன" என்ற சொல்லைக் கவனியுங்கள். நிரூபிக்கிறது என்பதைவிடச் சிறிய சொல், ஆனால் தரவு தாங்கக்கூடிய சொல்.

அதற்குப் பின்னால் வழக்கமாக வரும் "எதிர்காலத்தில் மேலும் ஆய்வுகள் தேவை" என்ற வரியை விட்டுவிட்டு, எந்த ஆய்வு எந்தக் கதையைப் பிரிக்கும் என்று எழுதினால் படிப்பவருக்குப் பயன். இரண்டு வாரம் தினமும் காலையில் முந்தைய இரவின் தூக்கத்தையும், மாலையில் அன்றைய மன அழுத்தத்தையும், செல்போனே பதிவுசெய்து காட்டும் திரை நேரத்தையும் குறித்து வந்தால், ஒரே ஆளுக்குள் எது முந்திப் போகிறது என்று பார்க்கலாம். அதைவிட நேரடியான வழி, சீட்டுக் குலுக்கி மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை மட்டும் ஒரு வாரம் இரவு பத்து மணிக்கு மேல் செல்போனை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வது. யார் எந்தப் பக்கம் போவது என்பதைச் சீட்டு தீர்மானிப்பதால், அரியர் பேப்பரும் பணக் கஷ்டமும் இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பரவிவிடும். வார முடிவில் இரு பக்கத்தின் தூக்கமும் தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு வேறுபட்டால், அன்றைக்கு அந்த மாணவர் தன் பழைய வாக்கியத்துக்குத் திரும்பி வந்து, "செல்போனை அறைக்கு வெளியே வைத்ததால்" என்று 'ஆல்' போட்டே எழுதலாம்.